தினமும் ஐந்து ரூபாய்

மியூச்சுவல் ஃபண்டில் ஒரு லட்சம் ரூபாய் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை நிர்வகிப்பதற்காக யாரும் உங்களுக்கு பில் அனுப்புவதில்லை. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தும் எதுவும் போவதில்லை. ஆனாலும் கட்டணம் தினமும் வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஃபண்டின் செலவு விகிதம் ஆண்டுக்கு 1.8 சதவிகிதம் என்றால், உங்கள் ஒரு லட்சத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் போகிறது. யூனிட்டின் அன்றைய மதிப்பை, அதாவது என்.ஏ.வி.யை, இதைக் கழித்துவிட்டுத்தான் அறிவிக்கிறார்கள். கண்ணில் படாமல் கழிவதால், இப்படி ஒரு செலவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இந்தப் பணம் எதற்குப் போகிறது? ஆக்டிவ் ஃபண்டில் ஒரு மேனேஜரும் ஆய்வாளர்களும் நிறுவனங்களை அலசி, எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். இண்டெக்ஸ் ஃபண்டில் அந்த வேலை இல்லை. நிஃப்டி 50 குறியீட்டில் எந்த 50 பங்குகள் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ, அதே பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருப்பார்கள். அதனால் 0.2 சதவிகிதச் செலவிலேயே நிஃப்டி ஃபண்டுகள் கிடைக்கின்றன. ஒரு லட்சத்துக்கு நாளொன்றுக்கு 55 பைசா.

"கெட்டிக்கார மேனேஜர் சந்தையை மிஞ்சிவிட்டால் ஐந்து ரூபாய் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். இதற்கு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1991-ல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். சந்தை என்பது அதில் முதலீடு செய்த எல்லோரும் சேர்ந்ததுதான். சந்தை 11 சதவிகிதம் வளர்ந்தால், குறியீட்டை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு 11 கிடைக்கும். மீதிப் பங்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் முதலீட்டாளர்களுக்கும் சராசரியாக அதே 11தான். ஒருவர் மிஞ்சினால் இன்னொருவர் பின்தங்கியாக வேண்டும். இது செலவுக்கு முந்தைய கணக்கு. செலவைக் கழித்தால், அதிகம் செலவழிக்கும் கூட்டம் சராசரியில் பின்தங்கும். ஜெயிக்கும் மேனேஜர்கள் உண்டு. அவர்கள் யார் என்பதை 30 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இப்போது அந்த ஒரு லட்சத்தைத் தொடர்வோம். இரண்டு ஃபண்டுகளும் செலவுக்கு முன் ஆண்டுக்கு 11 சதவிகிதம் ஈட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் கைக்கு வருவது 10.8, மற்றொன்றில் 9.2. பத்தாண்டு முடிவில் முதலாவது 2.79 லட்சம், இரண்டாவது 2.41 லட்சம். வித்தியாசம் 38 ஆயிரம்தான். இருபதாம் ஆண்டில் அது ஏறக்குறைய 2 லட்சம். முப்பதாம் ஆண்டில் முதலாவது 21.7 லட்சம், இரண்டாவது 14 லட்சம். வித்தியாசம் 7.7 லட்சம்!

ஏன் இவ்வளவு? கட்டணம் நீங்கள் போட்ட தொகைக்கு அல்ல, வளர்ந்து நிற்கும் தொகைக்கு. 14 லட்சம் ஆனபோது தினசரிக் கழிவு ஐந்து ரூபாய் அல்ல, 69 ரூபாய். அதோடு, கழிந்த ஒவ்வொரு ரூபாயும் அடுத்த ஆண்டுகளில் குட்டி போட்டிருக்கும். அந்தக் குட்டிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த 1.8-ல் விநியோகஸ்தருக்குப் போகும் கமிஷனும் அடங்கியிருக்கலாம். 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டமும் உண்டு. கமிஷன் உள்ளது 'ரெகுலர்'. ஆகவே ஒன்றின் ரெகுலரை மற்றொன்றின் டைரக்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். டைரக்டை டைரக்டோடுதான் ஒப்பிட வேண்டும். சந்தை சரியும்போது பதறி விற்காமல் தடுக்கும் ஆலோசகர் உங்களுக்கு இருந்தால், அவருடைய கமிஷன் வீண் என்று சொல்லிவிட முடியாது.

இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் குறைகள் உண்டு. சந்தை 30 சதவிகிதம் விழுந்தால் அதுவும் கூடவே விழும். குறியீட்டை அது மிஞ்சப்போவதும் இல்லை. செலவின் அளவுக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். அந்த இடைவெளி செலவு விகிதத்தைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தால், ஃபண்டைச் சரியாக நடத்தவில்லை என்று பொருள். ஒப்பிடும்போது டிவிடெண்டையும் சேர்த்த 'டி.ஆர்.ஐ.' குறியீட்டைப் பாருங்கள். செய்தியில் வரும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் சேர்வதில்லை. அதோடு ஒப்பிட்டால் எந்த ஃபண்டும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவே தெரியும்.

உங்கள் கணக்கு அறிக்கையை எடுத்து, ஃபண்டின் பெயருக்குப் பக்கத்தில் 'ரெகுலர்' என்றிருக்கிறதா, 'டைரக்ட்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அதன் செலவு விகிதத்தைப் பாருங்கள். அதை உங்கள் தொகையால் பெருக்கி 365-ஆல் வகுத்தால், உங்களுக்கு இதுவரை வராத அந்த தினசரி பில் கைக்கு வந்துவிடும்.