பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பினால்

தனியுரிமைக் கடைக்குத் தனி பான் கிடையாது; உரிமையாளரின் பான்தான் கடைக்கும். அதனால் ஜிஎஸ்டி சான்றிதழில் சட்டப்பெயர் என்ற இடத்தில் உரிமையாளர் பெயரும், வணிகப்பெயர் என்ற இடத்தில் கடையின் பெயரும் இருக்கும். இது தவறல்ல. ஆனால் வணிகப்பெயர் சான்றிதழில் ‘டெக்ஸ்’ என்றும் இணையதளத்தில் ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்றும் இருந்தால், பேமென்ட் கேட்வே விண்ணப்பத்தை நிராகரிக்கக்கூடும்.

பலர் உடனே அனுப்பும் பதில், “எல்லா ஆவணங்களும் சரியாகவே உள்ளன, மறுபரிசீலனை செய்யவும்” என்பது. பரிசோதிப்பவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கோபம் மட்டும் தெரியும்.

முதலில் இணையதளத்தைத் திருத்திவிட்டு, பிறகு எழுதுவது நல்லது: “விண்ணப்ப எண் இது. பான், ஜிஎஸ்டி சட்டப்பெயர், வங்கிக் கணக்கு மூன்றும் உரிமையாளர் பெயரில் உள்ளன. இணையதளத்தின் தொடர்புப் பக்கத்திலும் விதிமுறைப் பக்கத்திலும் வணிகப்பெயர் இன்று ‘டெக்ஸ்’ என மாற்றப்பட்டது. திரைப்பிடிப்பும் சான்றிதழும் இணைப்பில்.”

இணையதளப் பெயரையே வைத்துக்கொள்ள விரும்பினால், ஜிஎஸ்டி தளத்தில் REG-14 படிவத்தில் திருத்தம் கோர வேண்டும். வணிகப்பெயர் மாற்றத்துக்கு அதிகாரியின் ஒப்புதல் தேவை. திருத்திய சான்றிதழ் கைக்கு வருமுன் பதில் அனுப்பினால் விண்ணப்பம் மீண்டும் திரும்பும்.