மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு மின்னஞ்சல்

தேர்வு முடிவு வந்த மறுநாள் ஆசிரியர்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். 'நன்றாகத்தான் எழுதியிருந்தேன், எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை, தயவுசெய்து மறுபடியும் பாருங்கள்.' எழுதிய பிள்ளையின் வருத்தம் உண்மையானது. ஆனால் அதைப் படிக்கும் ஆசிரியர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? அறுபது விடைத்தாள்களைத் திருத்தி முடித்தவருக்கு அந்த ஒரு தாளில் எங்கே பிழை நேர்ந்திருக்கும் என்று தேடத் தொடங்குவதற்கே வழியில்லை.

வழியைக் காட்டுவது விடைக்குறிப்பு. கேள்வித்தாள் தயாராகும்போதே எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்து எழுதிவைக்கும் தாள் அது. ஆசிரியர்கள் சுருக்கமாக 'கீ' என்பார்கள். தன் விடைத்தாளை இடப்பக்கமும் விடைக்குறிப்பை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த மாணவர் எழுதும் மின்னஞ்சலின் தன்மையே வேறு.

ஒரு பொறியியல் கல்லூரியின் முதலாண்டு மாணவியை எடுத்துக்கொள்வோம். உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஆறு மதிப்பெண் கணக்கு ஒன்று. 4 ஓம், 12 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் உள்ளன. அவற்றோடு 5 ஓம் தடை தொடராக இணைந்திருக்கிறது. மின்னழுத்தம் 24 வோல்ட். மின்னோட்டம் எவ்வளவு, 5 ஓம் தடையில் செலவாகும் திறன் எவ்வளவு? சரியாகப் போட்டால் பக்க இணைப்பின் தொகுபயன் 3 ஓம், மொத்தம் 8 ஓம், மின்னோட்டம் 3 ஆம்பியர், திறன் 45 வாட்.

மாணவி சூத்திரத்தைச் சரியாக எழுதினாள். 48-ஐ 16-ஆல் வகுக்கும் இடத்தில் கை தவறி 4 என்று போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படிதான் போகிறது: 4-உம் 5-உம் சேர்ந்து 9 ஓம், 24-ஐ 9-ஆல் வகுத்து 2.67 ஆம்பியர், கடைசியில் திறன் 35.6. அவசரத்தில் 'வாட்' என்ற அலகை எழுதவில்லை. திருத்தியவர் இரண்டாவது வரியில் 4 என்பதைப் பார்த்ததும் சிவப்பு மையால் சுழித்து, சூத்திரத்துக்கு மட்டும் 1 கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

விடைக்குறிப்பு சொல்வது இது: சூத்திரம் 1, பக்க இணைப்பின் மதிப்பு 1, மொத்தத் தடை 1, மின்னோட்டம் 1, திறனுக்கான சூத்திரம் 1, அலகுடன் கூடிய இறுதி விடை 1. கீழே ஒரு குறிப்பும் உண்டு: ஒரு பிழைக்கு ஒருமுறை மட்டுமே மதிப்பெண் குறைக்க வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ-யும் தன் திருத்துநர்களுக்கு இதையே சொல்கிறது. ஒரே தவறின் தொடர்விளைவுக்காகத் திரும்பத் திரும்ப மதிப்பெண்ணைக் கழிக்கக் கூடாது என்பது அதன் பொது அறிவுரைகளில் இருக்கிறது.

இனி மாணவி எழுதும் கடிதம் இப்படி அமையலாம்:

'மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். முதலாம் உள்மதிப்பீட்டுத் தேர்வு, கேள்வி 12(அ), விடைத்தாள் பக்கம் 7. இந்தக் கணக்குக்கு எனக்கு 6-க்கு 1 கிடைத்துள்ளது. இரண்டாவது படியில் 3-க்குப் பதில் 4 என்று எழுதியது என் பிழை. அந்த 1 மதிப்பெண்ணையும், அலகு எழுதாததால் இறுதி விடைக்கான 1 மதிப்பெண்ணையும் நான் கேட்கவில்லை. விடைக்குறிப்பின் 3, 4, 5-ஆம் படிகளுக்கு உரிய வரிகள் என் தாளில் இருக்கின்றன: மொத்தத் தடை 4+5=9, மின்னோட்டம் 24/9, திறனுக்கான சூத்திரம். ஒரு பிழைக்கு ஒருமுறை மட்டுமே குறைக்க வேண்டும் என்ற குறிப்பின்படி இந்த மூன்று படிகளையும் மீண்டும் பார்க்குமாறு வேண்டுகிறேன். அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்துள்ளேன்.'

இந்தக் கடிதத்தின் பலம் அதன் நடுவில் இருக்கிறது. விட்டுக்கொடுக்க வேண்டிய இரண்டு மதிப்பெண்ணை அவளே விட்டுக்கொடுக்கிறாள். ஆறையும் கேட்டிருந்தால் அலகு இல்லாத விடையைச் சுட்டிக்காட்டி ஆசிரியர் மறுத்திருப்பார். நியாயமான மூன்றும் அதோடு அடிபட்டுப் போயிருக்கும். தவிர, பார்க்க வேண்டிய பக்கமும் வரிகளும் கடிதத்திலேயே இருப்பதால் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

விடைக்குறிப்பில் அந்தக் கடைசிக் குறிப்பு இல்லையென்றால்? அப்போது வாதம் மெலிந்துவிடும். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுகளின் மதிப்பெண் திட்டத்தில் முறைக்கு ஒரு வகை மதிப்பெண், சரியான விடைக்கு வேறு வகை மதிப்பெண் என்று பிரித்தே போட்டிருப்பார்கள். முன்படியில் பிழை இருந்தாலும் பின்படிக்கு முழு மதிப்பெண் உண்டா என்பதும் தேவையான இடங்களில் குறிக்கப்பட்டிருக்கும். அப்படிக் குறிப்பில்லாத இடத்தில் தவறான எண்ணை வைத்துப் பெற்ற 2.67 ஆம்பியருக்கு மதிப்பெண் கேட்க முடியாது; சூத்திரத்துக்கும் முறைக்கும் மட்டும் கேட்கலாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்படும் கோரிக்கைகள்தான் பெரும்பாலும் திரும்பி வருகின்றன.

கணக்கில் இருக்கும் இந்தத் தெளிவு கட்டுரை விடைகளில் கிடைப்பதில்லை. 'விளக்கத்துக்கு 3' என்று மட்டும் இருக்கும் இடத்தில் 2 கொடுத்தது பிழை என்று நிறுவுவது கடினம். அங்கே கேட்கத்தக்கவை வேறு: திருத்தப்படாமல் விடுபட்ட பக்கம், உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புத்தாளுக்கு ஏறாதது, கூட்டல் தவறு. திருத்துநர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் என்று சிபிஎஸ்இ தன் அறிவுரைகளிலேயே பட்டியலிடுபவற்றில் இவையும் உண்டு.

பொதுத்தேர்வு என்றால் திருத்தியவருக்கு நேரடியாக எழுத முடியாது. அவர் யாரென்றே தெரியாது. தேர்வர் தன் விடைத்தாளைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிபிஎஸ்இ தொடர்பான அந்த வழக்கிலேயே, திருத்தியவரின் பெயரும் கையொப்பமும் வெளியே தெரியக் கூடாது என்றும் சொன்னது. எனவே விண்ணப்பம் வாரியத்துக்குத்தான் போகும். தமிழ்நாட்டு பிளஸ் டூ தேர்வில் முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். அதைப் பார்த்த பிறகே மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறைகள் இன்னும் ஒரு படி கேட்டன: அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் ஒருவர் நகலைத் திருத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டிப் பரிந்துரைக்க வேண்டும். மேலே மாணவி தானாகச் செய்த வேலையை அங்கே விதியே ஓர் ஆசிரியரைச் செய்யச் சொல்கிறது.

அனுப்புமுன் ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடலாம், அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம். சிபிஎஸ்இ விதிப்படி ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அதுதான் இறுதி. ஆகவே தனக்கு விட்டுப்போன வரிகளைத் தேடும்போதே, தாராளமாகக் கிடைத்துவிட்ட வரிகள் எத்தனை என்பதையும் அதே விடைக்குறிப்பை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மாணவியின் தாளில் அப்படி எதுவும் இல்லையென்றால், அவள் கணக்கு 1-லிருந்து 4 ஆகும். ஆசிரியர் 7-ஆம் பக்கத்தில் பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் புதியதை எழுதிக் கையொப்பமிடுவார். பிறகு முகப்புத்தாளின் மொத்தமும் மதிப்பெண் பதிவேடும் மாற வேண்டும். இந்த இரண்டில் ஒன்று மாறாமல் நின்றுவிடுவதும் நடக்கும் என்பதால், இறுதிப் பட்டியல் போகும்முன் அவள் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.