ஏரிக்கரையில் மழை வந்தால் என்ன ஷூட் பண்ணுவது? திரைக்கதைக்கு ஒரு ‘பிளான் பி’ எழுதுவது எப்படி?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் படம் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் வெளிப்புறக் காட்சிகளுக்காகத்தான் வருகிறார்கள். ஏரிக்கரை, வயல்வெளி, செஞ்சிப் பாறைகள், சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால், இரண்டு மூன்று நாட்கள் விட்டு விட்டுப் பெய்யும்.

நடிகர்களின் கால்ஷீட்டோ, கேமரா வாடகையோ மழைக்காக நிற்காது. அதனால்தான் ‘கவர் செட்’ என்ற பழக்கம் சினிமாவில் உண்டு. மழை வந்தால் யூனிட் உடனே நகர்ந்து, கூரைக்குக் கீழே வேறு காட்சி எடுக்கத் தயாராக வைத்திருக்கும் இடம் அது. எடுப்பதற்கு உட்புறக் காட்சி மிச்சம் இருந்தால் பிரச்சினை இல்லை. கதை முழுக்க வெளியிலேயே நடந்தால்? அப்போது வெளிப்புறக் காட்சிக்கே உட்புறத்தில் நடக்கும் இன்னொரு வடிவம் எழுத வேண்டும்.

இடத்தை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஓர் உதாரணக் கதையை எடுத்துக்கொள்வோம். காட்சி 42, திண்டிவனம் அருகே ஓர் ஏரிக்கரை, பகல். அண்ணனும் தங்கையும் நடந்து வருகிறார்கள். தங்கள் நிலத்தின் ஓரத்தில் புதிதாக நட்ட, பெயின்ட் காயாத சர்வே கல்லைத் தங்கை பார்க்கிறாள். அண்ணன் நிலத்தை விற்றுவிட்டான் என்று அவளுக்குப் புரிகிறது. அவன் சொல்வது ஒரே வரி: “உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

மழை வந்ததும் அவசரத்தில் எழுதப்படும் வடிவம் பெரும்பாலும் இப்படி இருக்கும். இருவரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். “நிலத்தை வித்துட்டேம்மா” என்கிறான். அவள் அழுகிறாள். செய்தி அதேதான், ஆனால் காட்சி போய்விட்டது. முதல் வடிவத்தில் அவளே கண்டுபிடித்தாள். இதில் அவளிடம் சொல்லப்படுகிறது. அவன் மறைத்தான் என்பதும், மாட்டிக்கொண்டான் என்பதும் இதில் இல்லை.

அதனால் முதல் வேலை, அந்தக் காட்சி கதைக்கு என்ன செய்கிறது என்பதை இரண்டு மூன்று வரியில் எழுதிக்கொள்வது. இங்கே: அவள் தானாகக் கண்டுபிடிக்கிறாள், கண்ணால் பார்க்கிற ஒரு பொருள் வழியாகக் கண்டுபிடிக்கிறாள், அவன் தாமதமாக ஒரே வரி பேசுகிறான். இந்த மூன்றும் இருந்தால் ஏரிக்கரை இல்லாமலும் அது அதே காட்சிதான்.

இப்போது 42ஏ. வீட்டு உள்ளறை, பகல். ரேஷன் கார்டு தேடி டிரங்குப் பெட்டியைத் திறக்கிறாள் தங்கை. பழைய பத்திரக் கட்டின் மேல் புது வெள்ளைத்தாள் ஒன்று தனியாகத் தெரிகிறது. கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ். தேதி போன வாரம். நிலைப்படியில் அண்ணன் நிற்கிறான். அதே வரியைச் சொல்கிறான். சர்வே கல்லின் வேலையை இப்போது ஒரு தாள் செய்கிறது.

உள்ளே எழுதும்போது மழையைக் காட்டலாமா?

பலர் தவறுவது இங்கேதான். ‘மழை பெய்யுதே, அதையே கதையில் வச்சுக்கலாம்’ என்று தோன்றும். ஜன்னலில் மழை, ஒழுகும் கூரை, அழகாகவே இருக்கும். ஆனால் காட்சி 41ம் 43ம் நல்ல வெயிலில் எடுக்கப்பட்டிருந்தால், நடுவில் மட்டும் மழை வந்து நிற்கும். அதைச் சரிசெய்ய அந்த இரண்டையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். எனவே 42ஏ மழையில் எடுக்கப்பட்டாலும், பார்ப்பவருக்கு வெயில் நாள் போலவே தெரிய வேண்டும். வசனத்தில் மழை வேண்டாம். ஜன்னல் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கட்டும். வெளியிலிருந்து உள்ளே வரும் நடிகரின் தலையும் காலும் உலர்ந்திருக்கட்டும்.

சத்தமும் அப்படித்தான். தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மழை நேரத்தில் லைவ் சவுண்ட் எடுக்க முடியாது. காட்சி முழுவதும் டப்பிங்குக்குப் போய்விடும். கான்கிரீட் தளம் போட்ட வீடு பார்க்க வேண்டும். அதிலும் தெருவிலிருந்து தள்ளியிருக்கும் உள்ளறை நல்லது.

அடுத்து, பின்னால் வரும் காட்சிகள். 45ல் தங்கை மறுபடி அந்தக் கல்லிடம் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 42 எடுத்திருந்தால், இது அவள் அதை இரண்டாம் முறை பார்ப்பது. 42ஏ எடுத்திருந்தால், முதல் முறை. எனவே 45ல் ‘அன்னிக்குப் பார்த்த கல்லு’ என்ற வசனம் இருக்கக் கூடாது. அவள் வந்து கல்லின் மேல் கை வைத்து நிற்பது மட்டும் இருந்தால், இரண்டு வடிவத்துக்கும் பொருந்தும்.

பாதி எடுத்த பிறகு மழை வந்தால்?

இதற்கும் எழுதும்போதே வழி வைக்கலாம். 42ஐ இரண்டு துண்டாகப் பிரித்து எழுதுவது. ஏரிக்கரையில் நடப்பதும் கல்லைப் பார்ப்பதும் முதல் துண்டு. அண்ணனின் வரியும் அதற்குப் பின் வரும் பேச்சும் இரண்டாவது. இடம் தேவைப்படுவது முதல் துண்டுக்குத்தான். அதைக் காலையிலேயே முடித்துவிட்டால், மிச்சத்தை “வீடு திரும்பியதும்” என்று உள்ளே தொடரலாம்.

மழை விட்டதும் திரும்பிப் போய்த் தொடர்வது அவ்வளவு எளிதல்ல. நனைந்த மண்ணின் நிறம் மாறிவிடும், பாறை கருத்துவிடும். டெர்ரி கில்லியம் 2000ல் ஸ்பெயினில் டான் கிஹோத்தே படம் எடுத்தபோது, இரண்டாம் நாளே திடீர் வெள்ளம் வந்தது. கருவிகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த வறண்ட நிலத்தின் நிறமே மாறியதால் முதல் நாள் எடுத்ததோடு பொருந்தவில்லை. நாயக நடிகரின் உடல்நலக் குறைவும் சேர, படம் கைவிடப்பட்டது. ‘லாஸ்ட் இன் லா மான்சா’ என்ற ஆவணப்படம் இந்தக் கதையைச் சொல்கிறது.

ஷெட்யூலில் என்ன கவனிக்க வேண்டும்?

மாற்றுக் காட்சியில், அன்றைக்கு ஏற்கனவே வரவழைக்கப்பட்ட நடிகர்கள் மட்டுமே இருக்க வேண்டும். அம்மா கேரக்டரைச் சேர்த்து எழுதி, அவருக்கு அன்று கால்ஷீட் இல்லை என்றால் அந்தப் பக்கத்தால் பயனில்லை.

இடமும் பக்கத்திலேயே வேண்டும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சுமார் 40 கி.மீ. காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். ஆனால் லைட், ஜெனரேட்டர், மேக்கப் வேன் எல்லாம் கட்டி, ஏற்றி, இறக்கினால் அரை நாள் போய்விடும். திண்டிவனம் ஏரிக்கரைக்கு விழுப்புரத்தில் இருக்கும் வீடு கவர் செட் ஆகாது.

உட்புறக் காட்சிகளை வெயில் நாளில் எடுத்துத் தீர்த்துவிடவும் கூடாது. ‘ஈஸியா இருக்கு, முதல்ல முடிச்சுடலாம்’ என்று தொடங்கினால், மழை வரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. வெயில் இருக்கும்வரை வெளியே எடுப்பதுதான் முறை.

முடிவெடுக்கும் நேரத்தையும் முன்பே வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பகுதியைச் சென்னை, காரைக்கால் இரண்டு ஊர் டாப்ளர் ரேடார்களும் பார்க்கின்றன. யூனிட் கிளம்பும் முன் அந்தப் படங்களைப் பார்த்து, 42ஆ 42ஏவா என்று தீர்மானித்தால், நனைந்த பிறகு ஓட வேண்டியதில்லை.

எதற்கு மாற்று எழுதவே முடியாது?

செஞ்சிக் கோட்டையின் உச்சியில் நடக்கும் காட்சியை வீட்டுக்குள் எழுத முடியாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், தவறிய நாள் உடனே திரும்பக் கிடைக்காது. அப்படிப்பட்ட காட்சியை மழை மாதங்களிலிருந்தே நகர்த்திவிட வேண்டும்.

சில நாட்களில் கவர் செட்டும் உதவாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாட்களில் அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது; விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை ஒட்டித் தண்ணீர் ஓடியதால் ரயில்களும் நின்றன. ரெட் அலர்ட் என்பது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்ற எச்சரிக்கை. அன்றைக்கு 42ம் இல்லை, 42ஏவும் இல்லை. யூனிட் ரூமிலேயே இருக்க வேண்டிய நாள் அது.