திரை இருக்கிறது, வேலை முடிந்ததா?

மென்பொருள் குழுக்கள் பல, இரண்டு வாரத் தவணைகளில் வேலை செய்கின்றன. தவணைக்குப் பெயர் ஸ்பிரிண்ட். கடைசியில், செய்ததை இயக்கிக் காட்டும் கூட்டம் ரிவியூ. 2020-ஆம் ஆண்டின் ஸ்க்ரம் கையேடு இதில் கறார்: ‘முடிந்தது’ என்று குழு வகுத்த வரையறையை எட்டாத வேலையைக் காட்டவே கூடாது.

ஒரு பேருந்து முன்பதிவுச் செயலியை எடுத்துக்கொள்வோம். ‘டிக்கெட் ரத்து’ பொத்தானை அழுத்தினால் ‘₹450 திரும்பக் கிடைக்கும்’ என்று வருகிறது. பார்ப்பதற்கு முடிந்த வேலைதான். ஆனால் வேறு கட்டண டிக்கெட்டை ரத்து செய்தாலும் அதே ₹450 வந்தால், தொகையைத் திரையில் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இதை அறியாத பேருந்து நிறுவனத்தார் பயணிகளுக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே முந்தின நாளே ஜிராவில் முடிந்தவற்றைப் பட்டியலிட வேண்டும்:

```
sprint in openSprints() AND status = Done
```

பட்டியலை அப்படியே நம்பக்கூடாது. அவசரத்தில் அட்டையை நகர்த்திவிடுகிறவர்கள் உண்டு. எழுதியவர் அல்லாத ஒருவர், எழுதியவரின் மடிக்கணினியில் அல்லாமல் சோதனை சர்வரில், ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்க வேண்டும். பேருந்து கிளம்பிய பின் ரத்து செய்தால்? பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பணம் இரண்டு முறை திரும்புகிறதா?

தேறாததை பேக்லாகுக்கு அனுப்பிவிட்டு, ‘ரத்து வசதி இன்னும் முடியவில்லை’ என்று கூட்டத்தில் வாயால் சொல்லுங்கள். திரையைத் திறக்காதீர்கள்.