எந்த மெயிலோடு வந்தது இந்தக் கொட்டேஷன்?

வீட்டுக்கு உள்வேலை செய்ய ஒரு கான்ட்ராக்டரிடம் பேசி முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதத்தில் 41 மெயில்கள். கொட்டேஷன் மூன்று முறை மாறியிருக்கிறது, மூன்றுக்கும் பெயர் Quote.pdf தான். கடைசியில் பணத் தகராறு வந்து, வக்கீல் "எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா குடுங்க" என்கிறார்.

மெயில்களை பிடிஎஃப் ஆக்குவது சுலபம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து அந்த உரையாடலுக்குள் போனால், தலைப்புக்கு வலப்புறம் ஒரு பிரின்டர் படம் இருக்கும். அதுதான் Print all. அழுத்தினால் முதல் மெயிலில் தொடங்கி கடைசி மெயில் வரை தேதி வரிசையில் விரியும். பிரின்டருக்குப் பதில் Save as PDF என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

முடிந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கோப்பில் இணைப்புகளின் பெயரும் அளவும் மட்டுமே இருக்கும். உள்ளே இருந்தது வராது. இன்னொன்று, பழைய மெயிலின் வாசகத்தை ஜிமெயில் சுருக்கி, [Quoted text hidden] என்று போட்டுவிடும். பெரும்பாலும் அது நல்லதே, ஒரே பத்தி நாற்பது முறை அச்சாகாது. ஆனால் சிலர் நம் கேள்விகளுக்கு இடையிடையே பதில் எழுதும் பழக்கம் உள்ளவர்கள். அப்படிப்பட்டவரின் மெயில்களில் மட்டும் திரையில் மூன்று புள்ளியை அழுத்தி, உள்ளே பதில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் யாராவது தலைப்பை மாற்றியிருந்தாலோ, மெயில்கள் நூறைத் தாண்டியிருந்தாலோ, ஜிமெயில் அதைப் புது உரையாடலாகப் பிரித்துவிடும். எனவே கான்ட்ராக்டரின் முகவரியைப் போட்டுத் தேடி, வால் பகுதி எங்காவது தனியாக நிற்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இனி இணைப்புகள். ஒவ்வொன்றாக டவுன்லோடு செய்தால் Quote.pdf, Quote (1).pdf, Quote (2).pdf என்று விழும். அந்த எண்கள் நீங்கள் டவுன்லோடு செய்த வரிசை. அனுப்பிய வரிசை அல்ல. கோப்பின் மேல் தெரியும் தேதியும் பெரும்பாலும் இன்றைய தேதியாகவே இருக்கும். இங்கேதான் முதல் கொட்டேஷனும் கடைசிக் கொட்டேஷனும் இடம் மாறிப்போகின்றன.

இதற்கு என் வழி: டவுன்லோடு செய்த கையோடு பெயரை மாற்றிவிட வேண்டும். முதலில் மெயிலின் எண், பிறகு அந்த மெயிலில் அது எத்தனையாவது இணைப்பு என்பது. மூன்றாவது மெயிலில் வந்தது 03-1-Quote.pdf. பதினேழாவதில் கொட்டேஷனோடு ஒரு போட்டோவும் வந்திருந்தால் 17-1-Quote.pdf, 17-2-Photo.jpg. கடைசியாக மாறியது 29-1-Quote.pdf. முன்னால் போடும் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். சில மென்பொருள்கள் எழுத்தைப் பார்த்தே அடுக்குவதால் 10 வந்த பிறகுதான் 2 வரும். கூகுள் டிரைவ் லிங்காக வந்தவற்றையும் இதே கணக்கில் இறக்கிவையுங்கள். 25 எம்.பி.யைத் தாண்டிய கோப்பை ஜிமெயில் லிங்காகத்தான் அனுப்பும். அனுப்பியவர் டிரைவில் அதை அழித்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

போட்டோவையும் வேர்டு கோப்பையும் பிடிஎஃப் ஆக்குவதில் சிக்கலில்லை. எக்செல்தான் படுத்தும்: அகலமான பட்டியல் என்றால் வலப்பக்கக் காலங்கள் தனித் தாளுக்கு ஓடிவிடும், தொகை ஒரு பக்கமும் விவரம் ஒரு பக்கமுமாக நிற்கும். பிடிஎஃப் ஆக்கும் முன் அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி வைத்துவிடுங்கள்.

இணைப்பை அந்தந்த மெயிலுக்கு அடியிலேயே செருகலாமே என்று தோன்றும். Print all தரும் கோப்பில் ஒரு மெயில் பக்கத்தின் நடுவில் முடிந்து அடுத்தது அங்கேயே தொடங்குவதால், அதற்கு ஒவ்வொரு மெயிலையும் தனித்தனியாக அச்சிட வேண்டும். பத்து மெயில் என்றால் செய்யலாம். நாற்பதுக்கு மெயில்கள் முதலில், இணைப்புகள் எண் வரிசையில் பின்னால் என்பதே சரி. ஜிமெயில் மெயில்களுக்கு எண் போடாது. ஆகையால் முகப்பில் ஒரு பக்கப் பட்டியல் வையுங்கள்: மெயில் எண், தேதி நேரம், அனுப்பியவர், கோப்பின் பெயர். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்க்க பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருள் போதும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே இயங்கும் என்பதால், வங்கி விவரமுள்ள காகிதத்தை யாரோ ஒருவருடைய இணையதளத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தாலும் இது படிப்பதற்கான பிரதிதான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சான்றிதழும் கேட்கிறது. அதில் அந்தப் பதிவின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஆகவே பிடிஎஃப் கைக்கு வந்துவிட்டதே என்று இன்பாக்ஸில் இருக்கும் மூல மெயில்களை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் Download message கொடுத்து .eml கோப்பாகவும் தனியே எடுத்து வையுங்கள்.