தேங்காத உதிரம்

2017-இல் மத்திய அரசு ‘அந்தரா’ என்ற பெயரில் அறிமுகப்படுத்திய, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசியை ஏற்றுக்கொண்ட கல்லிடைக்குறிச்சிப் பெண்ணொருத்திக்கு மாதவிலக்கு நின்றுவிட்டால், வெளியேறாத ரத்தம் வயிற்றில் தேங்கி விஷமாகிவிடுமோ என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆயினும் அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை.

மாதந்தோறும் தடித்து வளரும் கர்ப்பப்பையின் உட்சுவர், கரு தங்காதபோது உதிர்வதே விலக்கு. ஊசியிலுள்ள புரோஜெஸ்டின் அச்சுவரை வளரவிடாது மெல்லியதாகவே வைத்திருப்பதால், உதிர்வதற்கும் ஒன்றுமில்லை, தேங்குவதற்கும் ஒன்றுமில்லை. ஓராண்டு தொடர்ந்து போட்டுக்கொள்வோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இவ்வாறு நிற்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தால் விலக்கு நிற்பதற்கும் காரணம் இதுவே; ரத்தசோகையுள்ளவர்களுக்கு விலக்கு நிற்பது அனுகூலமுங்கூட.

ஊசி மருந்து எலும்பின் அடர்த்தியைச் சிறிது குறைப்பது மெய். நிறுத்தியபின் அது பெரும்பாலும் மீளும். விலக்கு நின்ற நிலையில் ஊசித் தவணை தவறியிருந்தாலோ, குமட்டலோ அடிவயிற்று வலியோ கண்டாலோ, தாமதியாமல் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.