பணவீக்கம் ஏறும் என்றால் தங்கமும் ஏறுமா?

அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரணப் பத்திரம். மற்றது, பணவீக்கத்துக்கு ஏற்ப அசல் கூடும் பத்திரம். இரண்டின் வருவாய் விகிதங்களுக்கும் உள்ள இடைவெளியே ‘பிரேக்ஈவன்’. சந்தை எதிர்பார்க்கும் பணவீக்கத்தை அது ஏறத்தாழக் காட்டுகிறது.

2020 ஆகஸ்ட் தொடக்கத்தில் சாதாரணப் பத்திரம் தந்தது சுமார் 0.55%, பிரேக்ஈவன் சுமார் 1.6%. கழித்தால் உண்மை வருவாய் மைனஸ் 1%. வட்டி தராத தங்கத்தை வைத்திருப்பதில் இழப்பில்லை. அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டியது.

2022 அக்டோபரில் பிரேக்ஈவன் சுமார் 2.5%. எதிர்பார்ப்பு கூடியும் தங்கம் 1,650 டாலருக்கு இறங்கியது. காரணம், சாதாரண வருவாய் 4.2%ஐ எட்டியதால் உண்மை வருவாய் 1.7% ஆகியிருந்தது.

ஆகவே பிரேக்ஈவனை மட்டும் பார்த்தால் போதாது. வட்டி அதைவிட வேகமாக ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.